வரைபடத்தைப் போட்டோ எடுத்து, பாகைமானி வைத்துத் திசைக்கோணம் அளப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஒரே வரைபடம். அதே இரண்டு இடங்கள். இந்தியா கேட்டிலிருந்து குதுப் மினார் எந்தத் திசையில் இருக்கிறது என்று அளந்தபோது என் அக்கா மகள் நித்யாவுக்கு 199 டிகிரி வந்தது. எனக்கு 206.

"மாமா, உங்க கண்ணாடியைத் துடைச்சிட்டுப் பாருங்க" என்றாள். துடைத்துவிட்டுப் பார்த்தேன். அப்போதும் 206தான். அவள் அளந்ததையும் நானே சரிபார்த்தேன், அதுவும் 199தான். இரண்டு பேரும் பாகைமானியைச் சரியாகத்தான் வைத்திருந்தோம், சரியாகத்தான் படித்திருந்தோம். உண்மையான விடையோ 204க்கு ஒரு முடி குறைவு. தப்பு எங்கள் இருவரின் போட்டோக்களில் இருந்தது. அவளுடையது ஒரு விதத்தில் கோணல், என்னுடையது இன்னொரு விதத்தில்.

நாங்கள் இருப்பது டெல்லி மயூர் விஹாரில். நித்யா பதினோராம் வகுப்பு. புவியியல் செய்முறை நோட்டுக்காக இந்த அளவு தேவைப்பட்டது. மேல் மாடியில் குடியிருக்கும் ஒரு பெரியவர், இந்திய சர்வே துறை வெளியிட்ட பழைய 1:50,000 தாள் ஒன்றை இரவல் கொடுத்தார், எண் 53 எச்/2. கூடவே ஒரு நிபந்தனை: "பென்சில் படக்கூடாதுப்பா." அதனால்தான் போட்டோ. போட்டோவின் மேல் எவ்வளவு கோடு வேண்டுமானாலும் இழுக்கலாம், தாளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அளப்பதற்கு முன்னால் அந்தப் போட்டோ நம்பத்தக்கதா என்று பார்த்தாக வேண்டும். வேலையில் பாதிக்கு மேல் அதுதான். பாகைமானி வைப்பது கடைசி ஐந்து நிமிடம்.

எதை அளக்கிறோம்

திசைக்கோணம் என்பது வடக்கிலிருந்து கடிகார முள் சுற்றும் பக்கமாக அளக்கும் கோணம். சர்வேக்காரர்கள் பேரிங் என்பார்கள். வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270. சுற்றி வந்தால் 360, அதாவது மறுபடி வடக்கு.

எங்கிருந்து எங்கே என்பது முக்கியம். இந்தியா கேட்டில் நின்று குதுப் மினாரைப் பார்க்கும் கோணமும், குதுப் மினாரில் நின்று இந்தியா கேட்டைப் பார்க்கும் கோணமும் 180 டிகிரி வேறுபடும். நோட்டில் முதலில் "இந்தியா கேட்டிலிருந்து" என்று எழுதிவிட்டு அப்புறம் அளக்க ஆரம்பியுங்கள். அதோடு ஓர் உத்தேச விடையையும் எழுதி வையுங்கள். குதுப் மினார் இந்தியா கேட்டுக்குத் தென்மேற்கே, தெற்குப் பக்கம் அதிகம் சாய்ந்து இருக்கிறது. அப்படியானால் விடை 180க்கும் 225க்கும் நடுவில் வர வேண்டும். இந்த ஒரு வரி பிறகு நம்மைக் காப்பாற்றும்.

தேவையானவை: போன், லேப்டாப், பள்ளிக்கூட ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் அரைவட்டப் பாகைமானி, ஒரு ஸ்கேல். டெல்லிக் கடையில் பாகைமானி என்றால் புரியாது. "சாந்தா" என்று கேளுங்கள். அரை நிலாப் போல இருப்பதால் இங்கே அதற்கு நிலாவின் பெயர். பின்பக்கம் தெரியும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்காகப் பார்த்து வாங்குங்கள்.

போட்டோ எடுப்பது

தாளைத் தரையில் விரியுங்கள். நாலாக மடித்து வைத்த தாள் என்றால் மடிப்புகள் கூரைபோல எழும்பி நிற்கும். நாலு மூலையிலும் புத்தகம் வைத்து, எழும்பிய இடத்தைக் கையால் நீவி, அரைமணி நேரம் விட்டுவிடுங்கள். வரைபடத்தைச் சுற்றி அச்சிட்டிருக்கும் உள்சட்டக் கோட்டின் மேல் புத்தகம் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சட்டம்தான் நமக்கு உயிர்நாடி. அதன் மூலைகளில் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் இருக்கும். இந்தத் தாளில் கீழ்க்கோடு 28°30', மேல்கோடு 28°45', இடக்கோடு 77°00', வலக்கோடு 77°15'.

ஒரு முக்காலி மேல் ஏறி நின்று, தாளின் நடுவுக்கு நேர் மேலே போனை நீட்டிப் பிடியுங்கள். போனை அகலக் கோண லென்ஸில் வைக்காதீர்கள். அது ஓரக்கோடுகளை வளைத்துவிடும். உயரமாக நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுப்பது நல்லது. கேமரா அமைப்பில் கட்டக் கோடுகளைப் போட்டுக்கொண்டால், போன் தரைக்கு இணையாக இருக்கும்போது நடுவில் இரண்டு கூட்டல் குறிகள் ஒன்றாகச் சேரும் வசதி பல போன்களில் உண்டு. அதைப் பார்த்து எடுங்கள். நாலு மூலையும் படத்துக்குள் வர வேண்டும். நமக்கு வேண்டிய இரண்டு இடங்கள் ஒரு மூலையில்தானே இருக்கின்றன என்று அதை மட்டும் எடுத்தால், பின்னால் சோதித்துப் பார்க்க வழி இல்லாமல் போய்விடும்.

நான் என்ன செய்தேன் என்றால், தாளைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து, கீழ் ஓரத்தில் நின்றபடி எட்டி ஒரு படம் எடுத்தேன். போன் கிட்டத்தட்ட 25 டிகிரி சாய்ந்திருந்தது. கண்ணுக்குப் படம் நன்றாகத்தான் தெரிந்தது.

படம் நம்பத்தக்கதா?

சாய்த்து எடுத்த படத்தில் தாளின் உயரம் அமுங்கிப்போகும். அகலம் அப்படியே இருக்க, உயரம் மட்டும் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் கோணங்கள் மாறிவிடும். நேர் வடக்கு, நேர் கிழக்குக் கோடுகள் மாறாது. இடைப்பட்ட சாய்கோடுகள்தான் மாறும். அதனால்தான் இந்தத் தப்பு கண்ணில் படுவதில்லை. சட்டம் சட்டமாகவே இருக்கும், எழுத்துக்கள் எழுத்துக்களாகவே இருக்கும், நாம் அளக்கப்போகும் சாய்கோடு மட்டும் பொய் சொல்லும்.

இதைக் கண்டுபிடிக்கத் தாளே ஒரு கருவி தருகிறது. தாளின் உயரம் 15 நிமிட அட்சம்; அகலமும் 15 நிமிட தீர்க்கம். ஆனால் இரண்டும் ஒரே நீளம் அல்ல. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கி வருபவை. டெல்லி அட்சத்தில் ஒரு டிகிரி வடக்கே போனால் 110.8 கிலோமீட்டர்; ஒரு டிகிரி கிழக்கே போனால் 97.8 கிலோமீட்டர்தான். ஒன்றை ஒன்றால் வகுத்தால் 1.13. ஆகவே இந்தத் தாளின் சட்டம், அகலத்தைப் போல 1.13 மடங்கு உயரமாக இருக்க வேண்டும். சென்னைத் தாளுக்கு இதே கணக்கு 1.02தான் வரும், கிட்டத்தட்டச் சதுரம். டெல்லித் தாள் கொஞ்சம் நெட்டை.

இப்போது போட்டோவை லேப்டாப்பில் முழுச் சட்டமும் தெரியும்படி திறந்து, திரைமேலேயே ஸ்கேல் வைத்து அளங்கள். என் மேஜைப் படத்தில் சட்டத்தின் நடு அகலம் 18.0 செ.மீ., உயரம் 18.5 செ.மீ. விகிதம் 1.03. அங்கேயே குட்டு உடைந்துவிட்டது. நித்யாவின் படத்தில் எதிர்ப்பக்கத் தவறு: விகிதம் 1.41. அவள் எடுத்தது போட்டோ அல்ல, ஸ்கேன் செயலி. நாலு மூலையையும் அழகாகக் கண்டுபிடித்து, கோணலை நிமிர்த்தி, கடைசியில் "இது ஏ4 தாளாக இருக்கும்" என்று தானே முடிவு செய்து மேலும் கீழும் இழுத்துவிட்டது. ஏ4 தாளின் விகிதம் 1.41. ரசீதுக்கும் சான்றிதழுக்கும் அது சரி. சர்வே தாள் ஏ4 அல்லவே.

என் 206ம் அவளுடைய 199ம் இப்படித்தான் வந்தன. உயரம் அமுங்கினால் கோடு மேற்குப் பக்கம் அதிகம் சாயும், கோணம் கூடும். உயரம் இழுபட்டால் கோடு நிமிரும், கோணம் குறையும்.

விகிதத்தோடு இன்னும் மூன்று சோதனைகள். இரண்டு மூலைவிட்டங்களையும் அளங்கள். சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் படம் ஒரு மூலைப் பக்கமாகச் சாய்த்து எடுக்கப்பட்டிருக்கிறது. மேல் அகலமும் கீழ் அகலமும் சமமா என்று பாருங்கள். உண்மையான தாளிலேயே மேல்கோடு கீழ்க்கோட்டைவிட ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் குறைவு, தீர்க்கரேகைகள் நெருங்குவதால். திரையில் அது தெரியாது. தெரிகிற அளவுக்கு வித்தியாசம் இருந்தால் அது உங்கள் கையின் சாய்வு. பிறகு சட்டத்தின் நீளப் பக்கத்தில் ஸ்கேலை ஒட்டி வைத்து, கோடு நடுவில் வில்லாக வளைகிறதா என்று பாருங்கள். வளைந்தால் லென்ஸ் கோளாறு. அதை நிமிர்த்த மெனக்கெட வேண்டாம். இன்னும் உயரத்திலிருந்து ஜூம் செய்து மறுபடி எடுங்கள்.

இந்த அளவுகளைப் பாகைமானி வைக்கப்போகும் அதே பரப்பில் எடுக்க வேண்டும். திரையில் அளக்கப்போகிறீர்கள் என்றால் திரையில். பிரிண்ட் எடுக்கப்போகிறீர்கள் என்றால் பிரிண்டில். சில திரைகள் படத்தைப் பக்கவாட்டில் இழுத்துக் காட்டும். ஜெராக்ஸ் கடையில் "பக்கம் முழுக்க வரட்டும்" என்று சொன்னால் அவர்கள் இழுத்து நிரப்பிவிடுவார்கள். போனில் சரியாக இருந்த படம் தாளில் கெட்டுப்போயிருக்கும். கடைசிப் பரப்பில் விகிதம் பார்த்தால் இந்த எல்லாமே ஒரே வீச்சில் மாட்டும்.

கெட்ட படத்தைச் சரிசெய்வது

மறுபடி எடுக்க முடிந்தால் எடுத்துவிடுங்கள். முடியாதபோது, தாளைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது என்று வையுங்கள், அப்போதும் காப்பாற்றலாம்.

முதலில் ஸ்கேன் செயலியில் படத்தைக் கொடுத்து, நாலு புள்ளிகளையும் உள்சட்டத்தின் நாலு மூலைகளில் கையாலேயே நகர்த்தி வையுங்கள். காகித ஓரத்தில் வைக்காதீர்கள். வெட்டிய ஓரம் அச்சுக்கு இணையாக இருக்கும் என்று உறுதி இல்லை. செயலி கோணலை நிமிர்த்தி ஒரு செவ்வகத்தைக் கொடுக்கும். அதன் விகிதம்தான் தப்பாக இருக்கும், அதை நாமே திருத்த வேண்டும். லேப்டாப்பில் பெயின்ட் போதும். `Resize` போய், `Pixels` என்பதைத் தேர்ந்தெடுத்து, `Maintain aspect ratio` என்பதை அணைத்துவிட்டு, அகலத்தை அப்படியே வைத்து, உயரத்தில் அகலத்தின் 1.133 மடங்கைப் போடுங்கள். அகலம் 2400 பிக்சல் என்றால் உயரம் 2720. அவ்வளவுதான். நித்யாவின் படத்தையும் என் படத்தையும் இப்படித் திருத்தி மறுபடி அளந்தபோது இரண்டும் 204க்குப் பக்கத்தில் வந்து நின்றன. திருத்திய படம் என் திரையில் 16.0 செ.மீ. அகலம், 18.1 செ.மீ. உயரம்.

கோடு இழுப்பது

இரண்டு இடங்களையும் படத்தில் கண்டுபிடியுங்கள். பெயர் அச்சாகியிருக்கும் இடம் இடமல்ல. குறியீடு இருக்கும் புள்ளிதான் இடம். டெல்லி மாதிரி நெருக்கமான தாளில் எழுத்தை அச்சிட இடம் கிடைத்த பக்கம் தள்ளியிருப்பார்கள். 1:50,000 தாளில் ஒரு செ.மீ. என்பது அரைக் கிலோமீட்டர். எழுத்தின் நடுவை இடமாக எடுத்துக்கொண்டால் அங்கேயே இரண்டு டிகிரி போய்விடும். இந்தியா கேட்டுக்கு அதைச் சுற்றியிருக்கும் சாலை வட்டத்தின் நடுவை எடுத்துக்கொண்டோம்.

அடுத்து வடக்கு. பாகைமானியின் நேர்கோட்டை வைக்க வடக்கு–தெற்குக் கோடு ஒன்று வேண்டும். பாடப்புத்தகம் சொல்வது, இந்தியா கேட் வழியாகச் சட்டத்துக்கு இணையாக ஒரு கோடு இழுக்க வேண்டும் என்று. இணைகோடு இழுப்பதிலேயே ஒரு டிகிரி கோணலாகிவிடும் ஆபத்து உண்டு. அதைவிட எளிய வழி இருக்கிறது: நாம் அளக்க வேண்டிய கோட்டையே சட்டம் வரைக்கும் நீட்டிவிடுவது.

தாளின் வலக்கோடு 77°15' தீர்க்கரேகை. அதாவது அதுவே ஓர் அசல் வடக்கு–தெற்குக் கோடு. குதுப் மினாரிலிருந்து கோட்டை ஆரம்பித்து, இந்தியா கேட்டின் மேல் சரியாகப் போகும்படி இழுத்து, நிறுத்தாமல் வடகிழக்கே வலக்கோட்டைத் தொடும் வரை நீட்டுங்கள். பெயின்டில் கோட்டுக் கருவியை எடுத்து, குதுப் மினாரில் அழுத்தி, விடாமல் இழுத்தால் கோடு கூடவே ஆடும். முனை வலக்கோட்டில் இருக்கும்போதே கோடு இந்தியா கேட்டின் மேல் உட்கார்ந்ததும் விடலாம். மெல்லிய சிவப்புக் கோடு போதும். எங்கள் கோடு செங்கோட்டைக்குக் கிழக்கே, யமுனையை ஒட்டிய இடத்தில் வலக்கோட்டை வெட்டியது. அந்த வெட்டுப்புள்ளியில் இருக்கும் கோணம்தான் இந்தியா கேட்டில் இருக்கும் கோணமும். இணைகோடு தேவையே இல்லை.

இதில் இன்னொரு லாபம், கோடு நீளமாகிறது. இந்தியா கேட்டிலிருந்து குதுப் மினார் வரை தாளில் 21 செ.மீ. சொச்சம், சட்டம் வரை நீட்டினால் 31 செ.மீ. கோடு நீள நீள, முனையில் ஏற்படும் ஒரு மில்லிமீட்டர் பிசகு கோணத்தில் சின்னதாகிக்கொண்டே போகும். முழுத் தாளையும் திரையில் காட்டினால் இந்தியா கேட்–குதுப் மினார் கோடு 7 செ.மீ.தான், ஒரு மில்லிமீட்டர் பிசகு 0.8 டிகிரி. தாளின் தென்கிழக்குப் பகுதியை மட்டும் பெரிதாக்கி, நீட்டிய கோடு திரையில் 16 செ.மீ. வருமாறு வைத்தால் அதே பிசகு 0.4 டிகிரிக்குள் அடங்கும். விகிதம் பார்த்தது முழுத் தாளில். அப்புறம் எவ்வளவு பெரிதாக்கினாலும் கோணம் மாறாது.

தாளில் கட்டக் கோடுகள் அச்சாகியிருந்தால் அவற்றை வடக்காக எடுத்துக்கொள்ள ஆசை வரும். வேண்டாம். கட்டக் கோடுகள் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும் என்பதற்காக வரையப்பட்டவை. தீர்க்கரேகைகளோடு அவை ஒத்துப்போக வேண்டியதில்லை. இப்போதைய தாள்களில் உள்ள யூடிஎம் கட்டம் டெல்லியில் உண்மையான வடக்கிலிருந்து சுமார் ஒரு டிகிரி கிழக்கே சாய்ந்திருக்கும். சட்டக் கோடே நம்பகமானது.

பாகைமானி வைப்பது

லேப்டாப் திரையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, தொடுதிரை என்றால் தொடு வசதியை அணைத்துவிட்டு, பாகைமானியை மெதுவாகத் திரைமேல் படியவிடுங்கள். அழுத்தினால் திரையில் நிறம் பரவும், அழுத்தாதீர்கள். எண்கள் அச்சிட்ட பக்கம் திரையைத் தொடட்டும் என்று திருப்பி வைக்கலாம், ஆனால் எண்கள் கண்ணாடிப் பிம்பம்போலத் தெரியும். அது குழப்பமாக இருந்தால் நேராகவே வைத்து, ஒற்றைக் கண்ணால் செங்குத்தாகப் பாருங்கள். பக்கவாட்டில் பார்த்தால் பிளாஸ்டிக்கின் தடிமனும் திரைக் கண்ணாடியின் தடிமனும் சேர்ந்து அரை டிகிரி ஏமாற்றும்.

பாகைமானியின் மையப்புள்ளி வெட்டுப்புள்ளியில் இருக்கட்டும். பல பாகைமானிகளில் மையம் பிளாஸ்டிக்கின் கீழ் ஓரத்தில் இருக்காது. சில மில்லிமீட்டர் மேலே, 0–180 கோடு போகும் இடத்தில் ஒரு சின்னக் கூட்டல் குறியாக இருக்கும். ஓரத்தைச் சட்டக் கோட்டில் ஒட்டி வைப்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். 0–180 கோடு வலக்கோட்டின் மேல் படிய வேண்டும். அரைவட்டம் மேற்குப் பக்கம், அதாவது இடப்பக்கம் விழ வேண்டும், ஏனென்றால் நம் கோடு அந்தப் பக்கம்தான் போகிறது.

இப்போது கீழ்முனை தெற்கு. கீழே 0 என்று ஆரம்பிக்கும் எண் வரிசையைப் பிடித்துக்கொண்டு வளைவில் மேலே வாருங்கள். சிவப்புக் கோடு வளைவை வெட்டும் இடம் 24க்குச் சற்று முன்னால். இது தெற்கிலிருந்து மேற்குப் பக்கம் 24 டிகிரி. தெற்கு என்பது 180. தெற்கு நோக்கி நின்றால் மேற்கு நம் வலக்கைப் பக்கம். வலக்கைப் பக்கம் திரும்புவது கடிகாரச் சுற்று. ஆகவே கூட்ட வேண்டும். 180 + 24 = 204.

போகவேண்டிய இடம் தென்கிழக்கில் இருந்திருந்தால் தெற்கிலிருந்து இடக்கைப் பக்கம் திரும்புகிறோம், அதனால் 180இலிருந்து கழிக்க வேண்டும். வடகிழக்கு என்றால் வடக்கிலிருந்து படித்த எண்ணே விடை. வடமேற்கு என்றால் 360இலிருந்து கழிப்பது. மனப்பாடம் செய்வதைவிட, எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்று ஒருமுறை எழுந்து நின்று பார்த்தால் போதும். நித்யா நிஜமாகவே கூடத்தில் நின்று திரும்பிப் பார்த்துத்தான் ஒப்புக்கொண்டாள்.

பாகைமானியில் இரண்டு எண் வரிசைகள் எதிரெதிராக ஓடும். தப்பான வரிசையைப் படித்தால் 24க்குப் பதில் 156 வரும். 180ஐக் கூட்டினால் 336. அது வடமேற்கு. முதலிலேயே எழுதி வைத்த "180க்கும் 225க்கும் நடுவில்" என்ற வரி இங்கே கை கொடுக்கும்.

ஒரு முறை படித்ததோடு விடாதீர்கள். பாகைமானியை எடுத்துவிட்டு, மறுபடி புதிதாக வைத்து, மூன்று முறை படியுங்கள். எங்களுக்கு 23.5, 24, 24 வந்தன. சின்னப் பாகைமானியில் ஒரு டிகிரி என்பது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அரை டிகிரிக்குக் கீழே படித்ததாகச் சொல்வது கற்பனை.

விடையைச் சோதிப்பது

பாகைமானி இல்லாமல் அதே கோணத்தைப் பார்க்க ஸ்கேல் போதும். வெட்டுப்புள்ளியிலிருந்து வலக்கோட்டின் வழியே நேர் கீழே 10 செ.மீ. இறங்குங்கள். அங்கிருந்து நேர் இடப்பக்கம் சிவப்புக் கோடு வரை அளங்கள். எங்களுக்கு 4.4 செ.மீ. வந்தது. 4.4ஐ 10ஆல் வகுத்து, கால்குலேட்டரில் தலைகீழ் டான் போட்டால் 23.7. பாகைமானி சொன்னதும் இதுவும் ஒத்துப்போகிறது.

இது பாகைமானியைச் சோதிக்கிறதே தவிர, போட்டோவைச் சோதிக்கவில்லை. படம் கோணல் என்றால் இரண்டும் ஒரே பொய்யைச் சொல்லும். போட்டோவை வெளியிலிருந்து சோதிக்க இரண்டு இடங்களின் அட்ச தீர்க்கங்கள் வேண்டும். போனிலுள்ள வரைபடச் செயலியில் இடத்தை அழுத்திப் பிடித்தால் வரும். இந்தியா கேட் 28.6129, 77.2295. குதுப் மினார் 28.5245, 77.1855. அட்ச வித்தியாசம் 0.0884; அதை 110.8ஆல் பெருக்கினால் 9.80 கிலோமீட்டர் தெற்கே. தீர்க்க வித்தியாசம் 0.0440, அதை 97.8ஆல் பெருக்கினால் 4.30 கிலோமீட்டர் மேற்கே.

```
atan(4.30 / 9.80) = 23.7
180 + 23.7 = 203.7
```

204 என்று அளந்தது சரி. நேர்தூரம் 10.7 கிலோமீட்டர். அந்தத் தூரத்தில் ஒரு டிகிரி பிசகு என்பது பக்கவாட்டில் சுமார் 190 மீட்டர். என் 206 சுமார் 400 மீட்டர் தள்ளிக் கைகாட்டியது, நித்யாவின் 199 எண்ணூறு மீட்டருக்கு மேல் எதிர்ப்பக்கம்.

எண்ணே கிடைக்கும்போது தாள் எதற்கு என்று நித்யா கேட்டாள். இந்த இரண்டு இடங்களுக்கு எண் கிடைத்தது. தாளில் மட்டும் இருக்கிற பழைய கிணறு, இடிந்துபோன மதில், இப்போது இல்லாத ஓடை வளைவு இவற்றுக்குச் செயலியில் எண் கிடைக்காது. தெரிந்த இரண்டு இடங்களை வைத்துப் படத்தைச் சோதித்துவிட்டால், அதே படத்தில் தெரியாத இடங்களை நம்பி அளக்கலாம்.

சட்டம் இல்லாத வரைபடங்கள்

சுற்றுலாக் கையேட்டு வரைபடம், நிலையத்தில் மாட்டியிருக்கும் பலகை போன்றவற்றில் அட்ச தீர்க்கச் சட்டம் இருக்காது. மூலையில் ஒரு வடக்கு அம்பு இருந்தால் அதிர்ஷ்டம். அதுவும் அரை அங்குல நீளம்தான் இருக்கும். அப்போது டெல்லிக்காரர்கள் செய்வது, கர்தவ்ய பாதையைக் கிழக்கு–மேற்காக வைத்துக்கொள்வது. பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் இந்தியா கேட்டிலிருந்து ராஷ்டிரபதி பவன் 270 டிகிரியில் இல்லை, சுமார் 273இல் இருக்கிறது. சாலை மேற்கே போகப் போக லேசாக வடக்கே ஏறுகிறது. அதை நேர் மேற்கு என்று வைத்தால் எல்லா அளவிலும் மூன்று டிகிரி போய்விடும். தெரிந்துகொண்டு திருத்தினால் அதே சாலை நல்ல அளவுகோல்: அதை 273 என்று வைத்துவிட்டு அங்கிருந்து அளக்கலாம். மெட்ரோ வழித்தட வரைபடத்தில் மட்டும் பாகைமானியை வைக்கவே வேண்டாம். அது நிலையங்களின் வரிசையைக் காட்டுவதற்காக வளைத்து நிமிர்த்தி வரைந்தது. கோணமும் தூரமும் அதில் இல்லை.

திசைகாட்டியோடு மாடிக்குப் போனால்

தாளில் அளந்தது உண்மையான வடக்கிலிருந்து. காந்த ஊசி காட்டுவது காந்த வடக்கை. டெல்லியில் இப்போது காந்த வடக்கு, உண்மை வடக்குக்குச் சுமார் ஒரு டிகிரி கிழக்கே இருக்கிறது. ஊசி கிழக்கே சாய்ந்திருப்பதால் அங்கிருந்து எண்ணும்போது கோணம் ஒன்று குறையும்: 204 என்பது ஊசியில் 203. போன் திசைகாட்டியில் உண்மை வடக்கு என்ற அமைப்பு இருந்தால் அதைப் போட்டுவிட்டு 204ஐயே பார்க்கலாம். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் இரும்புச் சட்டத்துக்குப் பக்கத்தில் நின்றால் ஒரு டிகிரி என்ன, பத்து டிகிரிகூட ஆடும். நாலு அடி தள்ளி நின்று மறுபடி பாருங்கள்.

தாளைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பெரியவர் அதை வெளிச்சத்தில் பிடித்து, இந்தியா கேட் பக்கம் விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். பென்சில் தடம் இல்லை. நித்யா நோட்டைக் காட்டினாள். "203.7னு எழுதியிருக்கே, சாந்தாவில் எப்படிப் படிச்சே?" என்றார். அவள் அங்கேயே உட்கார்ந்து, 203.7ஐக் கணக்குப் பகுதிக்கு மாற்றிவிட்டு, அளவுப் பகுதியில் 204 என்று எழுதினாள்.